உறைந்ததால் உறையாமல் போன ரத்தம்

சிகாகோவின் மகப்பேறு மருத்துவர் ஜோசப் டிலீ 1901-ல் ஒரு மரணத்தைப் பற்றி எழுதினார். பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிட்ட பெண். ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. வெளியே வந்த ரத்தம் உறையவும் இல்லை. ஹீமோஃபிலியா கொஞ்ச நேரத்துக்கு மட்டும் வந்து தொற்றிக்கொண்ட மாதிரி!

ரத்தக்கட்டுக்கு வலைபோல இருப்பது ஃபைப்ரின் இழைகள். அதற்கான மூலப்பொருள் ஃபைப்ரினோஜன். இப்படி நஞ்சுக்கொடி பிரிந்த பெண்களின் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் வெகுவாகக் குறைந்திருப்பதை 1936-ல் டீக்மன் காட்டினார். சரி, அது எங்கே போச்சு?

விடைக்கான துப்பு 1834-லேயே கிடைத்திருந்தது. பிரெஞ்சு விலங்கியலாளர் பிளான்வீல் மூளைத் திசுவை விலங்குகளின் ரத்தநாளத்தில் செலுத்தினார். உள்ளேயே ரத்தம் உறைந்து அவை செத்தன. திசுக்களில் உறைதலைத் தூண்டும் பொருள் ஒன்று இருக்கிறது. நஞ்சுக்கொடியில் அது ஏராளம். பிரிந்த இடத்தின் வழியாக அது தாயின் ரத்தத்தில் கலக்கிறது என்று 1951 வாக்கில் ஷ்னைடர் வாதிட்டார்.

அதாவது, முதலில் நடப்பது உறைதல்தான். உடலெங்கும் நுண்நாளங்களில் கண்ணுக்குத் தெரியாத கட்டிகள் உருவாகி, தட்டணுக்களையும் ஃபைப்ரினோஜனையும் தின்று தீர்த்துவிடுகின்றன. காயம் இருக்கும் இடத்தில் அடைக்கச் சரக்கு இல்லை. போதாக்குறைக்கு, கட்டிகளைக் கரைக்க உடல் பிளாஸ்மினை ஏவுகிறது. கரைந்த துணுக்குகள் புதிதாக உறைவதையும் கெடுக்கின்றன. இதைத்தான் இன்று டி.ஐ.சி. என்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனைகள் இந்தக் கதையை அப்படியே சொல்லும். தட்டணுக்கள் குறையும், உறையும் நேரமான பி.டி. நீளும், ஃபைப்ரினோஜன் இறங்கும், கரைந்த துணுக்கான டி-டைமர் ஏறும். ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்ட முடியாது. அதனால் சர்வதேச அமைப்பு ஒன்று மதிப்பெண் முறை வகுத்தது: 5 வந்தால் டி.ஐ.சி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தட்டணு 70,000: 1 மதிப்பெண். டி-டைமர் மிக அதிகம்: 3. பி.டி. 4 விநாடி நீண்டிருக்கிறது: 1. மொத்தம் 5. ஃபைப்ரினோஜன் 160 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 100-க்குக் கீழே இறங்கினால்தான் மதிப்பெண் என்பதால் அதற்குப் பூஜ்யம். இங்கேதான் ஏமாறுவோம். நிறைமாதக் கர்ப்பிணிக்கு இயல்பே ஏறக்குறைய 400 முதல் 600 வரை. மற்றவர்களுக்கு நார்மலான 200கூட இவருக்கு அபாய மணி. டி-டைமரோ கர்ப்பத்தில் சும்மாவே ஏறியிருக்கும். ஆகவே ஒற்றை எண்ணைவிட, சில மணி நேர இடைவெளியில் மறுபடி எடுத்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதே உதவும்.

லேப் இல்லாத இடத்துக்கும் வழி உண்டு. சுத்தமான வெறும் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து, கைக்குள் பொத்திச் சூடாக வைத்து, நான்கு நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்ப்பார்கள். பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை. ஏழு நிமிடமாகியும் உறையாவிட்டாலோ, கட்டி தொட்டதும் உடைந்தாலோ, டிலீ பார்த்த அதே ரத்தம்தான் கையில் இருக்கிறது.