பெயர்ப் பட்டியல் யார் கையில்? 1986 சென்னை ஆய்வின் வழியே நெறிமுறைக் குழு விண்ணப்பத்தின் வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை முதலில் உறுதி செய்தது ஒரு முதுநிலை மாணவியின் சிறிய ஆய்வு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் இந்த ஆய்வை மேற்கொண்டார். பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடிக்கப்பட்டு அரசுக் காப்பகம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து எண்பதுக்குச் சற்று அதிகமான ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் அப்போது பரிசோதனை வசதி இல்லாததால், 1986 பிப்ரவரியில் மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் தொற்று இருப்பதைக் காட்டின. அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி ரத்தம் எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் நடந்த உறுதிச் சோதனையும் முடிவைச் சரியென்றது. அவ்வாண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

இந்த ஆய்வு செய்த நன்மை பெரிது. நோய் நம் நாட்டுக்கு வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் அது கண்காணிப்புக்கு வழி திறந்தது. நிர்மலாவுக்குக் கையுறைகூடக் கிடைக்கவில்லை. மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். இதைப் பிற்காலத்தில் நிர்மலாவே ஒளிக்காமல் கூறியிருக்கிறார். இங்கே ஒரு தனிமனிதர்மீது தீர்ப்பு எழுதுவது என் நோக்கமன்று. இன்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதும் விண்ணப்பத்தில் பங்கேற்பாளர், ஒப்புதல், தரவு என்று மூன்று பகுதிகள் இருக்கின்றன. அவை எந்த வரிசையில் உருவாயின, கடைசியில் வந்த பகுதியே சிறிய ஆய்வுகளுக்கு ஏன் மிக முக்கியம் என்பதை இந்த ஒரு ஆய்வை வைத்துத் தெளிவாகக் காட்ட முடியும்.

1986இல் நெறிகளே இல்லை என்று சொல்ல முடியாது. நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணையின் முடிவில் 1947இல் உருவான நியூரம்பர்க் நெறிமுறையின் முதல் கூறே தன்விருப்ப ஒப்புதல்தான். 1964இன் ஹெல்சிங்கி அறிக்கை, 1975இல் டோக்கியோவில் திருத்தப்பட்டபோது, ஆய்வுத் திட்டத்தைச் சார்பற்ற ஒரு குழு பார்வையிட வேண்டும் என்ற விதியைச் சேர்த்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நீதிபதி எச்.ஆர். கன்னா தலைமையிலான குழுவின் துணையுடன் 1980 பிப்ரவரியில் தன் முதல் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஆனால் ஒரு மாணவியின் பட்ட ஆய்வைக் குழு முன் வைத்தே தீர வேண்டும் என்ற நடைமுறை அன்று கல்லூரிகளில் ஊன்றவில்லை. அறிக்கை காகிதத்தில் இருந்தது. அதைக் கேள்விகளாக மாற்றி ஆய்வாளர் கையில் கொடுக்கும் படிவம் பிறகே வந்தது.

அடுத்த நான்கு ஆண்டுகளில் நடந்ததுதான் மூன்றாம் பகுதியின் தேவையை உணர்த்தியது. ரத்தம் எடுத்த ஊசியால் அந்தப் பெண்களுக்குப் பெரிய தீங்கு இல்லை. தீங்கு, யாருக்குத் தொற்று இருக்கிறது என்ற தகவல் காப்பக நிர்வாகத்திடம் போன இடத்தில் தொடங்கியது. பரிசோதனை பரவியதும், தொற்றுள்ள பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் வெளியே விடாமல் வைத்திருக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்பட்டது. 1990இல் மும்பையிலிருந்து மீட்டு அழைத்துவரப்பட்ட பெண்களுக்கும் இதே நிலைதான். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்த பிறகே அவர்கள் விடுவிக்கப்பட்டனர். கோவாவிலும் இதே கதை நடந்தது. ரத்த தானம் செய்த டொமினிக் டிசூசா என்ற இளைஞர், சோதனை முடிவு காவல்துறைக்குப் போனதால் 1989இல் 64 நாட்கள் அடைத்து வைக்கப்பட்டார்.

தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. கண்காணிப்புக்கு இந்தியா எடுத்துக்கொண்ட முறை, இந்த அனுபவத்துக்கான நேரடி விடை என்றே நான் படிக்கிறேன். மகப்பேறு மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்ப் பிரிவுகளிலும் சிபிலிஸ் சோதனைக்கு எடுத்து மிஞ்சிய ரத்தத்திலிருந்து பெயரையும் எண்ணையும் நீக்கி, யாருடையது என்று எவராலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத நிலையில் எச்.ஐ.வி. சோதனை செய்தார்கள். எத்தனை சதவீதம் என்று தெரியும். யார் என்று தெரியாது. இதிலும் ஒரு குறை உண்டு: தொற்றுள்ளவருக்கு அதைச் சொல்லவே முடியாது. மருந்து இல்லாத காலத்தில் அதை ஏற்க முடிந்தது. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவச கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிய பின் அந்த நியாயம் பலவீனமானது. சிகிச்சை இருக்கும்போது முடிவைச் சொல்லாமல் இருப்பதே தீங்காகிவிடுகிறது. அதனால் இதே ஆய்வை இன்று செய்பவர், பெயரை அறவே நீக்குவதா, குறியீட்டெண் கொடுத்து முடிவைத் திருப்பிச் சொல்வதா என்பதை விண்ணப்பத்திலேயே காரணத்துடன் எழுத வேண்டும்.

விதிகள் இதற்கிடையில் வளர்ந்தன. நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா தலைமையிலான மையக் குழு உருவாக்கிய வழிகாட்டு நெறிகளை ஆராய்ச்சிக் கழகம் 2000இல் வெளியிட்டது. 2006இல் அவை திருத்தப்பட்டன. 2017இல் விரிவாகப் புதிதாக எழுதப்பட்டன. அதே 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், ஒப்புதல் இல்லாத சோதனையையும் தொற்று நிலையை வெளியிடுவதையும் தடுத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காப்பகத்தில் விடப்பட்ட இடைவெளி அப்போதுதான் சட்டத்தில் அடைக்கப்பட்டது.

இன்று அதே எண்பது பேர் ஆய்வுக்கான விண்ணப்பம் எப்படி இருக்க வேண்டும்? பங்கேற்பாளர் பகுதியில் முதல் கேள்வி, ஏன் இந்தப் பெண்கள் என்பது. காப்பகத்தில் எளிதாகக் கிடைக்கிறார்கள் என்பது விடையாகாது. 2017 நெறிகள், அடைப்பில் இருப்பவர்களையும் பாலியல் தொழிலாளர்களையும் பாதிப்புக்கு எளிதில் உள்ளாகக்கூடியவர்களாகக் கருதுகின்றன. இவர்கள் இரண்டு வகையிலும் சேர்கிறார்கள். வெளியே, தொண்டு அமைப்புகளின் மையங்களுக்குத் தாமாக வரும் பெண்களிடம் இதே விடையைப் பெற முடியுமானால், காப்பகத்தை எடுத்துக்கொள்ள ஆய்வாளருக்குக் காரணம் இல்லை. பெற முடியாது என்றால் அதை நிறுவ வேண்டும்.

ஒப்புதல் பகுதியில் கடினமான இடம், படிவத்தின் மொழியைவிட அறையின் அமைப்புதான். காப்பக மேலாளர் வாசலில் நின்று அழைத்தால், மறுத்தவர் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்படியிருக்க, தகவல் தாளில் ‘மறுக்கலாம்’ என்று எழுதியதற்கு மதிப்பில்லை. எல்லாப் பெண்களையும் தனித்தனியே, ஒரே அளவு நேரத்துக்கு அறைக்குள் அழைக்க வேண்டும். மறுத்தவரும் சம்மதித்தவரும் ஒரே மாதிரி வெளியே வர வேண்டும். படிக்கத் தெரியாதவரிடம் தகவல் தாளை வாசித்துக் காட்டி, அவர் சொந்த வார்த்தையில் திரும்பச் சொல்லக் கேட்டு, பின் கைநாட்டுப் பெற வேண்டும். அதற்குச் சாட்சியாக இருப்பவர் ஆய்வுக் குழுவையும் காப்பகத்தையும் சாராதவராக இருப்பது அவசியம். அதிகாரம் உள்ளவரே கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதை அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் தொடங்கிய எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் காட்டியது. அங்கே பழங்குடி மாணவியர் விடுதிகளில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டது தெரியவந்தது. திட்டம் 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஒப்புதல் படிவத்தைப் பற்றிப் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கையெழுத்திட்ட அந்தத் தாளே ஒரு பெயர்ப் பட்டியல். குழாய்களில் எண் மட்டும் இருந்தாலும், எண்பது பெயர்களுடன் ஒரு கோப்பு ஆய்வாளர் மேசையில் கிடக்குமானால் ரகசியம் அங்கேயே உடைகிறது. கையெழுத்துத் தாள் ஒன்றுதான் ஒருவரை ஆய்வோடு இணைக்கும் ஆவணம் என்றால், குழுவின் அனுமதியுடன் வாய்மொழி ஒப்புதல் பெற்று, சாட்சியின் குறிப்போடு பதிவு செய்யலாம். 2017 நெறிகள் இதற்கு இடம் தருகின்றன. இந்த ஆய்வுக்கு அதுவே சரியான வழி என்பது என் கருத்து.

தரவுப் பகுதிக்கு வருவோம். ‘தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும்’ என்ற ஒற்றை வரியோடு இந்தப் பகுதி முடிந்தால், ஆய்வாளர் எதையும் யோசிக்கவில்லை என்று குழு அறியலாம். குறியீட்டெண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் எங்கே இருக்கும், எந்த இருவர் அதைத் திறக்கலாம், எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்பவை எழுதப்பட வேண்டும். யாருக்குக் கொடுக்கப்படாது என்பதையும் பெயர் குறித்து எழுத வேண்டும்: காப்பக மேலாளருக்கு இல்லை, காவல்துறைக்கு இல்லை, துறைச் செயலகம் கேட்டால் மொத்த எண்ணிக்கை மட்டும். முடிவைச் சொல்லும் ஆலோசகர் அந்தப் பெண்ணிடம் நேரில், தனியே சொல்வார். காப்பக மருத்துவப் பதிவேட்டில் எழுதமாட்டார். சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டிலும் ஆய்வின் பெயர் இருக்காது. களத்தில் இன்று அதிகம் நடக்கும் கசிவு வேறு வழியில் வருகிறது. ஒப்புதல் படிவத்தைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். சொந்தக் கைபேசியில் எந்தப் பதிவும் எடுக்கக் கூடாது என்ற வரி விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும்.

பெயரை நீக்கினால் போதும் என்ற நம்பிக்கையும் சிறிய ஆய்வில் நிற்காது. லதன்யா ஸ்வீனி என்ற கணினி ஆய்வாளர் தொண்ணூறுகளில், பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவமனைத் தரவில் மாசசூசெட்ஸ் ஆளுநரின் பதிவை, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் எண் ஆகியவற்றை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டே கண்டுபிடித்தார். ஒரு மாநிலத்திலேயே அது முடிந்தது என்றால், ஒரே கட்டடத்தில் எண்பது பேரில் என்ன ஆகும்? ‘19 வயது, இன்ன மாவட்டம், ஒரு குழந்தை’ என்று அட்டவணையில் ஒரு வரி வந்தாலே அங்கிருக்கும் எவருக்கும் அது யார் என்று தெரியும். அதனால் வயதைப் பத்தாண்டு இடைவெளிகளில் தொகுக்க வேண்டும். மாவட்டத்தை விட்டுவிட வேண்டும். ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கை வரும் கட்டங்களைப் பக்கத்துக் கட்டங்களோடு சேர்க்க வேண்டும். காப்பகத்தின் பெயரைக் கட்டுரையில் போடக் கூடாது. ஆறு பேர் என்ற எண்ணிக்கையை வெளியிடலாம். அந்த ஆறு பேரைப் பற்றிய வேறு எந்த விவரமும் வேண்டாம்.

நெறிமுறைக் குழுக்கள் இன்றும் ஒப்புதல் படிவத்தின் சொற்களைத் திருத்துவதில்தான் சிவப்பு மையை அதிகம் செலவிடுகின்றன. தரவுப் பகுதியை ஒரு வரியோடு அனுமதிக்கின்றன. 1986இன் பெண்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சிறிய ஆய்வுக்கு விண்ணப்பம் எழுதும் மாணவர்கள், பட்டியலை எந்த நாளில், யார் முன்னிலையில் அழிக்கப் போகிறார்கள் என்ற வரியை முதலில் எழுதிவிட்டு மற்ற பகுதிகளுக்குப் போகட்டும். அந்த வரி இல்லாத விண்ணப்பத்தைக் குழு திருப்பி அனுப்ப வேண்டும்.