கீபோர்டில் @ அழுத்தினால் மேற்கோள் குறி வருகிறதா? போனில் மாற்ற வேண்டியது இதைத்தான்

புதுசா ஒரு ப்ளூடூத் கீபோர்டு வாங்கி ஆண்ட்ராய்டு போனோடு இணைத்துவிட்டீர்கள். எழுத்துகள் எல்லாம் சரியாக விழுகின்றன. மெயில் முகவரி அடிக்கும்போதுதான் சிக்கல்: ஷிஃப்டோடு 2-ஐ அழுத்தினால் @ வராமல் " வருகிறது. ஷிஃப்டோடு 3-ஐ அழுத்தினால் # வர வேண்டிய இடத்தில் £ வருகிறது. கீபோர்டு பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பிடாதீங்க. கீபோர்டில் தப்பே இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது?

கீபோர்டு உங்கள் போனுக்கு எழுத்தையோ குறியையோ அனுப்புவதில்லை. எந்த இடத்தில் இருக்கும் பட்டன் அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும்தான் அனுப்புகிறது. 2 என்ற பட்டனுக்கு எந்த நாட்டு கீபோர்டிலும் அந்த எண் 31. அதை எந்தக் குறியாக மாற்றுவது என்று முடிவு செய்வது போனில் இருக்கும் லேஅவுட். பட்டன் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்பது போனுக்குத் தெரியவே தெரியாது.

அமெரிக்க லேஅவுட்டில் ஷிஃப்ட்+2 என்றால் @. பிரிட்டன் லேஅவுட்டில் அதே ஷிஃப்ட்+2 என்றால் ". இந்தியாவில் விற்கும் பெரும்பாலான கீபோர்டுகள் அமெரிக்க அமைப்பில்தான் இருக்கும். சிலவற்றில் 4-க்குப் பக்கத்தில் ₹ கூடுதலாக அச்சடித்திருக்கும். போனின் மொழியை English (United Kingdom) என்று வைத்திருந்தால், போன் பிரிட்டன் லேஅவுட்டை எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

முதலில் உறுதி செய்யுங்க

நோட்ஸ் ஆப்பைத் திறந்து ஷிஃப்ட்+2 அழுத்துங்க. " வந்தால், என்டருக்குப் பக்கத்தில் ' இருக்கும் பட்டனை ஷிஃப்டோடு அழுத்திப் பாருங்க. அங்கே @ வந்தால் சந்தேகமே வேண்டாம்: இரண்டும் இடம் மாறியிருக்கின்றன, போன் பிரிட்டன் லேஅவுட்டில் இருக்கிறது. Y அடித்தால் Z வந்தால் அது ஜெர்மன் லேஅவுட்டாக இருக்கலாம். Q அடித்தால் A வந்தால் பிரெஞ்சு.

ஆனால் u, i, o அடிக்கும்போது 4, 5, 6 என்று எண்கள் வந்தால் லேஅவுட்டைத் தொடாதீங்க. சில சிறிய கீபோர்டுகளில் நம் லாக் ஆன் ஆனால் அப்படித்தான் வரும். அதை அணைத்தாலே போதும்.

எங்கே மாற்றுவது?

கீபோர்டு இணைந்திருக்கும்போதே Settings-க்குப் போங்க. இணைப்பு இல்லாவிட்டால் அந்தப் பக்கம் கண்ணில் படாமலே போகலாம். பிக்சல் போன்ற போன்களில் System > Keyboard > Physical keyboard. கொஞ்சம் பழைய பதிப்புகளில் Keyboard என்பதற்குப் பதிலாக Languages & input என்று இருக்கும். சாம்சங்கில் General management > Physical keyboard. உங்கள் போனில் பெயர் வேறாக இருந்தால், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் physical என்று அடித்தால் கிடைத்துவிடும்.

அங்கே உங்கள் கீபோர்டின் பெயர் தெரியும். அதைத் தொட்டு English (US) லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்க. ஆண்ட்ராய்டு 14 முதல் நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக லேஅவுட் கேட்கும். தமிழும் ஆங்கிலமும் வைத்திருந்தால் ஆங்கிலத்துக்கு எதிரே இருப்பதை மாற்ற வேண்டும். மொழியை மாற்றியதும் குறிகள் மறுபடி தப்பாக வந்தால், இன்னொரு மொழிக்கு எதிரே பழைய லேஅவுட் இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு நோட்ஸுக்குத் திரும்பி ஷிஃப்ட்+2, ஷிஃப்ட்+3, ஷிஃப்ட்+' மூன்றையும் அடித்துப் பாருங்க. @ # " என்று வரிசையாக வந்தால் வேலை முடிந்தது.

பாஸ்வேர்டு விஷயத்தில் கவனம்

இந்தச் சோதனையை முடிக்காமல் பேங்க் ஆப்பிலோ ஆபீஸ் மெயிலிலோ பாஸ்வேர்டு அடிக்காதீங்க. அங்கே தெரிவது வெறும் புள்ளிகள்தான். @ என்று நினைத்து நீங்கள் அடித்தது " ஆகப் போயிருக்கும், சரியான பாஸ்வேர்டையே நாலைந்து முறை தப்பாக அடித்து அக்கவுன்ட் லாக் ஆகிவிடும். இன்னும் மோசம், தப்பான லேஅவுட்டில் புதிய பாஸ்வேர்டு வைப்பது. லேஅவுட்டைச் சரிசெய்த பிறகு அது உள்ளே போகாது. அப்படி ஆகிவிட்டதாகத் தோன்றினால், @ இருக்க வேண்டிய இடத்தில் " போட்டு ஒருமுறை முயன்று பாருங்க.

கடைசியாக ஒன்று: இந்த அமைப்பு அந்த ஒரு கீபோர்டுக்கு மட்டும்தான். ஆபீஸில் வேறு கீபோர்டை இணைத்தால் அதற்கும் தனியாகப் பார்க்க வேண்டும். ஷிஃப்ட்+2 அழுத்திப் பார்க்க ரெண்டு செகண்டு போதும்.