ஒரே பதினான்கு, இரண்டு கணக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனிக் கூரைக்கு சோலார் விலை சொல்ல வருகிறவர் பெரும்பாலும் ஒரு வாய்ப்பாட்டோடுதான் வருவார்: ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட். நூறு கிலோவாட் போட்டால் வருடத்துக்கு 1,46,000 யூனிட். இந்தக் கணக்கு மோசமில்லை. ஆனால் கிழக்கு மேற்காகச் சரிந்த கூரைக்கும், பக்கத்திலேயே சாயப்பட்டறைப் புகைபோக்கி நிற்கும் கூரைக்கும் அதே நாலு யூனிட்தானா என்று கேட்டால் வாய்ப்பாட்டுக்குப் பதில் தெரியாது.

இதைச் சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். இரண்டு இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஒன்று, அமெரிக்காவின் கொலராடோவில் NREL ஆய்வகம் உருவாக்கிய PVWatts. மற்றொன்று, இத்தாலியின் இஸ்ப்ராவில் உள்ள ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் நடத்தும் PVGIS. இரண்டும் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்த வெயில் அளவை வைத்து வேலை செய்கின்றன. இரண்டிலும் இடம், பேனல் அளவு, சாய்வு, திசை, இழப்பு என்று அதே ஐந்தாறு கட்டங்கள். ஒரே ஷெட்டுக்கு இரண்டிலும் போட்டுப் பார்த்துவிட்டு, விடை ஒத்துவரவில்லையே என்று குழம்புகிறவர்கள் உண்டு. குழப்பம் பெரும்பாலும் வெயிலில் இல்லை, கட்டங்களில் இருக்கிறது.

அவிநாசி சாலைப் பக்கம் ஒரு தையல் ஷெட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகர ஷீட் கூரை, முகடு வடக்கு தெற்காக ஓடுகிறது, இரு பக்கமும் பத்து டிகிரிச் சரிவு. பேனல் மொத்தம் 100 கிலோவாட். இடத்தை ஊர்ப் பெயரால் தேடுவதைவிட 11.11, 77.34 என்று எண்ணாகவே தட்டுவது நல்லது. Tirupur, Tiruppur என்று எழுத்து மாறும்போது வரைபடத்து முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

முதல் கண்ணி, திசைக் கட்டம். PVWatts வடக்கைச் சுழியாக வைத்து எண்ணுகிறது. அதில் கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. PVGIS தெற்கைச் சுழியாக வைக்கிறது. கிழக்கு -90, மேற்கு 90. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தெற்கு என்று நினைத்து 180 போட்டால் பேனல் வடக்கே திரும்பிவிடும். ஜெர்மனியில் இந்தத் தவறைச் செய்தால் விடை அதலபாதாளத்துக்குப் போய் உடனே காட்டிக்கொடுக்கும். திருப்பூர் 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது, நான்காவது வாரம் வரை உச்சி வெயிலே நமக்கு வடக்கில்தான் நிற்கும். அதனால் பத்து டிகிரிச் சாய்வில் வடக்கே திருப்பினாலும் ஆண்டுக் கூட்டல் ஐந்தாறு சதவீதம்தான் குறையும். சரியான விடை போலவே தோன்றும். பிழையைக் கண்டுபிடிக்க மாதவாரிப் படத்தைப் பார்க்க வேண்டும். தெற்குப் பார்த்த பேனலுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான தூண்கள் ஓங்கி நிற்கும். அவை ஏப்ரல், மே தூண்களைவிடக் குள்ளமாகத் தெரிந்தால் திசைக் கட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

நம் ஷெட்டுக்குத் தெற்குச் சரிவே கிடையாது. ஆகவே கிழக்குக்கு 50, மேற்குக்கு 50 என்று இரண்டு முறை ஓட்டிக் கூட்ட வேண்டும். அட்சரேகை அளவுக்குச் சாய்த்துத் தெற்கே திருப்ப ஸ்டிரக்சர் போடலாமே என்பவர்களுக்கும் கருவியே பதில் சொல்லிவிடும். இந்த ஊரில் அதனால் கூடுவது இரண்டு மூன்று சதவீதம். தகரத்தின் மேல் இரும்பை ஏற்றிக் காற்றுக்குக் கொடுப்பதற்கு அது ஈடாகுமா என்பது வேறு கணக்கு. ஈடாகாது என்பது என் கட்சி.

இரண்டாவது கண்ணி கொஞ்சம் ஆழமானது. இரண்டு கருவிகளும் இழப்புக் கட்டத்தில் பதினான்கு என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கின்றன. PVWatts துல்லியமாக 14.08 என்று காட்டும். எண் ஒன்றுதான், பொருள் வேறு. PVGIS-இன் 14-க்குள் கம்பி, தூசி இவற்றோடு இன்வெர்ட்டரின் இழப்பும் அடக்கம். PVWatts-இன் 14-இல் இன்வெர்ட்டர் இல்லை; அதற்கு 96 சதவீதத் திறன் என்று தனிக் கட்டம் இருக்கிறது. சூட்டால் வரும் இழப்பை இரண்டுமே இந்தப் பதினான்குக்கு வெளியே தனியாகக் கழிக்கின்றன.

இதைப் போட்டுப் பார்க்கலாம். வசதிக்காக முழு எண்களை எடுத்துக்கொள்கிறேன். பேனல் மேல் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 2,000 யூனிட் வெயில் விழுகிறது, சூட்டிலும் கண்ணாடிப் பிரதிபலிப்பிலும் பத்து சதவீதம் போகிறது என்றால், 100 கிலோவாட்டுக்கு மிஞ்சுவது 1,80,000 யூனிட். PVGIS வழியில் அதில் 14 சதவீதம் கழித்தால் 1,54,800. PVWatts வழியில் 14.08 கழித்து, பிறகு 0.96-ஆல் பெருக்கினால் சுமார் 1,48,500. ஒரே வெயில், ஒரே கூரை. வித்தியாசம் 6,300 யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 44,000 ரூபாய். விற்பவர் எந்தக் கருவியின் அச்சுப்படியை நீட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டுமானால் PVGIS கட்டத்தில் 14-ஐ அழித்துவிட்டு 17.5 போட வேண்டும்.

PVWatts-இன் நல்ல குணம், அந்தப் பதினான்கைப் பிரித்துக் காட்டுவது. தூசி 2, நிழல் 3, கம்பி 2, நிறுத்தம் 3 என்று பத்து வரிகள். பனிப்பொழிவுக்குக்கூட ஒரு வரி உண்டு, நமக்கு அது சுழியிலேயே இருக்கட்டும். இவற்றைக் கூட்டக் கூடாது, எஞ்சுவதை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். கருவியே அதைச் செய்துவிடும். நாம் கை வைக்க வேண்டியது தூசி வரியில். பஞ்சுத் தூசியும் விறகு பாய்லரின் கரியும் படியும் கூரைக்கு 2 போதாது. 5 என்று மாற்றினால் மொத்தம் 16.7 ஆகும். அதற்கு ஈடாக PVGIS-இல் 20 போட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் உற்பத்தி 1,43,900-க்கு இறங்குகிறது. ஒரு நாளைக்கு ஒரு கிலோவாட்டுக்கு 3.94 யூனிட். வாய்ப்பாட்டுக்காரரின் நாலு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

நிறுத்த வரியின் 3 சதவீதத்தை மட்டும் யாரும் குறைத்துவிட வேண்டாம். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிற்கும் பகுதிகள் இங்கே உண்டு. லைனில் மின்சாரம் இல்லையென்றால், ஜெனரேட்டரோடு இணைக்காத இன்வெர்ட்டரும் வெயிலை வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். வருடத்தில் பன்னிரண்டு நாள் என்றாலே மூன்று சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

PVGIS முந்துவது வேறு இடத்தில். PVWatts பல வருடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த ஒரு மாதிரி வருடத்தை வைத்துக் கணக்கிடுகிறது. PVGIS 2005 முதல் ஒவ்வொரு வருடத்தையும் ஓட்டிச் சராசரி எடுத்து, வருடத்துக்கு வருடம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் யூனிட்டில் தருகிறது. வங்கிக் கடன் தவணை கட்ட வேண்டியவர் சராசரியிலிருந்து அந்த எண்ணை ஒரு முறை கழித்துப் பார்த்துத் தவணையை முடிவு செய்யலாம். சுற்றியுள்ள மலைகள் மறைக்கும் அடிவானத்தையும் அது கணக்கில் எடுக்கிறது. ஆனால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி அதற்குத் தெரியாது, PVWatts-க்கும் தெரியாது. ஜனவரி மாதம் காலை எட்டு மணிக்கு ஒரு முறை, மாலை நாலரைக்கு ஒரு முறை கூரை மேல் ஏறி, நிழல் எதுவரை விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு வந்துதான் நிழல் கட்டத்தை நிரப்ப வேண்டும்.