செப்டிக் டேங்க் குழாயில் ஒரு வலைத் துண்டு: கொஞ்சம் வரலாறு

சித்திரை மாசம் கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். மழை பெய்து மாதக்கணக்கில் ஆகிறது. தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. குடிதண்ணீரே நாள் விட்டு நாள் கணக்குப் பார்த்துப் பிடிக்கிற ஊர். ஆனால் சாயங்காலம் விளக்கு போட்டதும் அம்மா எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு, "எங்கேயிருந்துதான் வருதோ தெரியலைய்யா" என்றாள். தண்ணியே இல்லாத ஊரில் கொசு எப்படி? அந்தக் கேள்வியை விட்டுவிட முடியாமல் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்பு.

பதில் ரொம்ப பக்கத்திலேயே இருந்தது. மழை இல்லாத காலத்திலும் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் நிரந்தரமாக ஒரு குளம் இருக்கிறது. அதற்கு மேலே சிமெண்ட் மூடி போட்டிருப்பதால் நாம் அதைக் குளம் என்று நினைப்பதில்லை. க்யூலெக்ஸ் குயின்குஃபாசியேட்டஸ் என்கிற கொசுவுக்கு நல்ல தண்ணீர் தேவையே இல்லை. அழுகல் வாசனை வருகிற தண்ணீர்தான் அதற்கு இஷ்டம். பெண் கொசு அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே ராத்திரியில் வந்து, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒரு சின்னத் தெப்பம் மாதிரி ஒட்டி மிதக்க விடும். நம்ம ஊர்ச் சூட்டில் ஒன்றரை வாரத்துக்குள் கொசுவாகிவிடும். (டெங்கு பரப்புவது இது இல்லை, அது ஏடிஸ். க்யூலெக்ஸ் யானைக்கால் நோயைப் பரப்புகிறது. அந்த நோய் இல்லாத இடத்தில் தூக்கத்தைக் கெடுக்கிறது.)

செப்டிக் டேங்கில் அந்த வாசனை வெளியே வருவதற்கென்றே நாம் ஒரு குழாய் வைத்திருக்கிறோம். ஏர் பைப், வென்ட் பைப், எப்படிச் சொன்னாலும் சரி. வாசனை வெளியே வருகிற வழிதான் கொசு உள்ளே போகிற வழியும்.

இதற்கு வலை கட்ட வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. செப்டிக் டேங்க் கட்டுவதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470, முதல் பகுதி, 1985 பதிப்பில் தெளிவாகவே இருக்கிறது. குழாய் குறைந்தது 50 மில்லிமீட்டர் விட்டம் இருக்கணும், உச்சியில் கொசு நுழையாத கம்பி வலைக் கூண்டு இருக்கணும், கட்டடத்திலிருந்து 15 மீட்டருக்குள் டேங்க் இருந்தால் கட்டட உச்சிக்கு மேல் 2 மீட்டர் உயரம் போகணும். "கூண்டு" என்ற சொல்லைக் கவனிச்சுக்கோங்க. ஏன் கூண்டு என்பதற்குப் பிறகு வருகிறேன். விதி இருந்தும் எங்கள் தெருவில் நான் பார்த்த குழாய்களில் வலை இல்லை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் குடை மூடிதான் இருந்தது. கொத்தனாரைக் கேட்டால், "மூடி போட்டிருக்கே அண்ணாச்சி" என்பார். அந்த மூடியின் பக்கவாட்டுப் பிளவுகளில் காக்காவும் அணிலும் நுழையாது, அவ்வளவுதான். கொசுவுக்கு அது வாசல்.

குழாயும் வலையும் சேர்ந்து வேலை செய்யுமா என்று ஒழுங்காக அளந்து பார்த்தவர் பீட்டர் மார்கன். இப்போது ஜிம்பாப்வே என்கிற நாடு அப்போது ரொடீசியா. அங்கே பிளேர் ஆய்வுக்கூடத்தில் 1970-களில் குழிக் கழிப்பறையைத் திருத்திக்கொண்டிருந்தார். உயரமான குழாயின் வாய்மேல் காற்று வீசும்போது அது குழிக்குள் இருக்கிற காற்றை மேலே இழுக்கிறது. வாசனை கழிப்பறைக்குள் வராமல் குழாய் உச்சிக்குப் போய்விடுகிறது. வெளியே இருக்கும் ஈக்கள் உச்சியைத் தேடி வந்து வலையில் முட்டித் திரும்புகின்றன. உள்ளே பிறந்த ஈக்களோ வெளிச்சத்தைப் பார்த்துக் குழாய் வழியாக மேலே ஏறி, வலைக்கு அடியிலேயே மாட்டிச் சாகின்றன. இதற்குக் கழிப்பறை உள்ளே இருட்டாக இருக்கணும், அதுதான் சூட்சுமம். 1975-இன் கடைசியில் 78 நாள் ஈக்களைப் பிடித்து எண்ணினார்கள். குழாய் இல்லாத கழிப்பறையில் 13,953 ஈ. குழாயும் வலையும் வைத்ததில் 146.

நான் இதைப் படித்ததும், பிரச்சினை தீர்ந்தது, ஒரு வலை வாங்கிக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். அந்த எண்கள் ஈக்களுடையவை. கொசு விஷயம் வேறு என்று காட்டியவர் லண்டனைச் சேர்ந்த பூச்சியியலாளர் கிறிஸ் கர்ட்டிஸ். 1980-களின் தொடக்கத்தில் அவரும் ஹாக்கின்ஸும் போட்ஸ்வானாவிலும் தான்சானியாவிலும் இதே வகைக் கழிப்பறைகளில் பொறி வைத்துப் பார்த்தார்கள். ஈக்கு இருக்கிற வெளிச்ச மோகம் க்யூலெக்ஸுக்கு அந்த அளவுக்கு இல்லை. கணிசமான கொசுக்கள் குழாயை விட்டுவிட்டு, உட்காரும் ஓட்டை வழியாகவே வெளியே வந்துவிட்டன.

பிறகு கர்ட்டிஸ் வலையை விட்டு, தண்ணீரின் மேல்பரப்பையே மூடப் போனார். தெர்மகோல் மணிகளைக் குழிக்குள் கொட்டினால் அவை தடிமனான படலமாக மிதக்கும். புழு மூச்சுவிட மேலே வர முடியாது, கொசுவும் முட்டையிட முடியாது. சான்சிபாரின் மகுண்டுச்சியில் 1988-இல் மருந்தோடு சேர்த்து இதைச் செய்தார்கள், யானைக்கால் கிருமி உள்ளவர்கள் விகிதம் பெரிதாக இறங்கியது. நம்ம பக்கத்திலும் மதுரையில் இருந்த ஐ.சி.எம்.ஆர். பூச்சியியல் மையத்தார் 1990-களில் திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்களில் மணிகளைப் பயன்படுத்தினார்கள். அது தனிக்கதை, இன்னொரு நாள்.

சரி, அப்போ வலை வீணா? இங்கேதான் கொஞ்சம் யோசிக்கணும். ஆப்பிரிக்கக் குழிக்கு மேலே திறந்த ஓட்டை இருந்தது. நம்ம வீட்டுப் பேசினுக்குக் கீழே வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. அந்த வழி ஏற்கெனவே அடைபட்டது. அதனால் கர்ட்டிஸ் கண்ட குறை நமக்கு அப்படியே பொருந்தாது. மற்ற எல்லா வழியும் மூடியிருந்தால் குழாய் ஒன்றுதான் மிச்சம், அதில் வலை கட்டினால் கதை முடிந்தது. அந்த "மூடியிருந்தால்" என்பதுதான் கரிசலில் சிக்கல்.

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கோடையில் காட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுவதைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. டேங்கின் சுவரும் அதே மண்ணுக்குள்தான் நிற்கிறது. வருஷா வருஷம் தள்ளியும் இழுத்தும் சுவர் கீறுகிறது, மூடிப் பலகை சுவரை விட்டு நகர்ந்து விரலளவு சந்து விடுகிறது. போர்ட்டோ ரிக்கோவில் 2000-களின் பிற்பகுதியில் ராபர்ட்டோ பரேராவும் குழுவினரும் ஒரு ஊரின் செப்டிக் டேங்குகளை ஆராய்ந்தபோது, தினமும் வெளிவரும் க்யூலெக்ஸ் 1,70,000 அளவில் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதோடு ஏடிஸும் 18,000 சொச்சம், நல்ல தண்ணீர்க் கொசு என்று நாம் பாடம் படித்த அதே ஏடிஸ்! அது எந்த டேங்கில் இருந்தது என்று பார்த்தால், சுவர் கீறலும் மூடாத வாயும் உள்ளவற்றோடு பொருந்தியது.

இனி எங்கள் வீட்டு டேங்க். நாலு இஞ்ச் பி.வி.சி. குழாய், மேலே குடை மூடி. முதலில் வலை. ஓட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. ஜன்னலுக்கு அடிக்கிற கொசு வலை போதும். துத்தநாக முலாம் பூசிய கம்பி வலை வேண்டாம், டேங்க் வாயு அதை அரித்துவிடும். எவர்சில்வர் வலை நல்லது. ஃபைபர் வலை மலிவு, வெயிலில் சில வருஷத்தில் நொறுங்கும். வாயில் தட்டையாக இழுத்துக் கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். குழாய் வாயின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. வலையின் நூல் அதில் ஒரு பங்கை அடைக்கும், தூசியும் சிலந்தி நூலும் மிச்சத்தை அடைக்கும். அதே வலையை 15 செ.மீ. உயரப் பையாகத் தைத்து மாட்டினால் பரப்பு 550 சதுர செ.மீ., ஏழு மடங்கு. தர விதி "கூண்டு" என்று சொன்னதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. கயிற்றால் கட்டாமல் ஹோஸ் கிளிப் போட்டு முடுக்கினேன்.

மறுநாளே "குறையலையே" என்றாள் அம்மா. மறுநாள் குறையாது. ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவை சாகணும், டேங்கில் இருக்கும் புழுக்கள் பிறந்து தீரணும். ரெண்டு வாரம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். ரெண்டு வாரம் கழித்துப் பேசினால், குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை.

அடுத்த முறை போனபோது பழைய கொசுவலையை மூடிப் பலகைமேல் விரித்து, ஓரத்தைச் சுற்றி மணல் கொட்டி அடைத்துவிட்டு, காலையில் பார்த்தேன். வலைக்குள் கொசு. பலகைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்துதான் வழி. சந்து தெரியாவிட்டாலும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். எட்டிப் பார்க்கவோ, பலகையைத் தூக்கவோ, தீக்குச்சி கொளுத்தவோ கூடாது. உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும், மீத்தேன் பற்றிக்கொள்ளும்.

சந்தை மெலிந்த சிமெண்ட் கலவையால் பூசினோம். அடுத்த முறை டேங்கை எடுக்கும்போது பெயர்த்து எடுக்க முடியணுமே. கரிசலில் இது அடுத்த கோடைக்குத் திரும்பக் கீறும். வருஷம் ஒருமுறை, பங்குனியில், பார்த்துப் பூசுவதைத் தவிர வழி இல்லை. வலையைப் புரட்டாசியில், மழைக்கு முன்னால் பார்க்கணும். பேசினில் தண்ணீர் கொடகொடவென்று சத்தம் போட்டு மெதுவாக இறங்கினாலோ, குளியலறையில் வாடை அடித்தாலோ வலை அடைத்திருக்கலாம். கழற்றிக் கழுவி மாட்டினால் போச்சு.

மூணாவது வழி ஒன்று உண்டு. கரிசலில் உறிஞ்சு குழி சரியாக வேலை செய்யாது, களிமண் ஈரமானதும் தண்ணீரை வாங்காது. அதனால் நிறைய வீடுகளில் டேங்கின் வெளிக்குழாயை நேராக வாறுகாலில் விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும்தான். அந்த வாயில் வலை கட்டக்கூடாது, கசடு பிடித்து டேங்கே பின்னுக்கு நிரம்பும். வளைவு வைத்து வாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் கொசு ஏறாது. ஆனால் அந்தத் தண்ணீர் நிற்கிற தொட்டியையும் இறுக்கமாக மூட வேண்டும், இல்லையென்றால் அதுவே இன்னொரு டேங்க். அதை இந்த முறை செய்து முடித்தேன்.

வாறுகாலை என்னால் மூட முடியாது. எங்கள் டேங்க் தண்ணீர் இன்னும் அதில்தான் போய் நிற்கிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஏணியில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "அந்தக் கிளிப் எந்தக் கடையில வாங்குனிய?" என்று கேட்டார். ரெண்டு கூட வாங்கி வைத்திருந்தேன், ஒன்றைக் கொடுத்தேன்.