லாலிபாப் வரைபடம்

லாலிபாப் வரைபடம் என்பது ஒவ்வொரு வகையின் அளவையும் ஒரு மெல்லிய கோட்டாலும் அதன் முனையில் ஒரு வட்டத்தாலும் காட்டும் புள்ளியியல் படம். வகைகள் மிகும்போது பட்டை வரைபடத்துக்கு மாற்றாகப் பயன்படுகிறது.

வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட பட்டை வரைபடமே இதன் முன்னோடி. அதில் ஸ்காட்லாந்து வணிகம் செய்த 17 இடங்கள் இருந்தன.

1984இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லண்ட் புள்ளி வரைபடத்தை முன்வைத்தார். பெயர்கள் இடப்பக்கம் வரிசையாக நிற்க, ஒவ்வொரு பெயரிலிருந்தும் மங்கலான புள்ளிக்கோடு ஒன்று கிளம்பி அளவைக் குறிக்கும் கரும்புள்ளியைத் தொடும். அச்சு பூஜ்யத்தில் தொடங்கினால் மட்டுமே கோடு அந்தப் புள்ளியில் நிற்கலாம். வேறு எண்ணில் தொடங்கினால் கோட்டைப் படத்தின் மறுகரை வரை நீட்டிவிட வேண்டும். இல்லையெனில் கண் கோட்டின் நீளத்தையே அளவாக எடுத்துக்கொள்ளும். நுட்பமான இந்த விதி இன்று பல படங்களில் மீறப்படுகிறது. பூஜ்யத்தில் தொடங்கும் அந்த வடிவமே லாலிபாப் என்பர் சிலர். பெரிய வண்ண வட்டம் கொண்ட வடிவம் பின்னாளையது என்பர் வேறு சிலர்.

புதுச்சேரி சட்டமன்றத்தின் 30 தொகுதிகள் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. புதுச்சேரிப் பகுதியில் முத்தியால்பேட்டை, உருளையன்பேட்டை, நெல்லித்தோப்பு, பாகூர் என 23, காரைக்காலில் 5, மாஹே, ஏனாம் தலா ஒன்று. இவற்றின் வாக்குப்பதிவு சதவீதத்தை 15 செ.மீ. உயரத்தில் வரைந்தால் ஒரு தொகுதிக்கு 5 மி.மீ. கிடைக்கும். தேர்தல்களில் பதிவு பெரும்பாலும் உயர்ந்தே இருப்பதால் 30 பட்டைகளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் நெருங்கி நின்று கண்ணைக் கூசவைக்கும். வேறுபாடு இருக்கும் முனைகளோ கவனத்தில் படா. அரை மி.மீ. கோடும் 3 மி.மீ. வட்டமும் போட்டால் மை குறையும், பார்வை முனைகளுக்குப் போகும். அகரவரிசையை விட்டு அளவு வரிசையில் அடுக்குவது நல்லது. நிரவி-திருமலைராயன்பட்டினம் போன்ற நீண்ட பெயர்களுக்காகக் கோடுகளைக் கிடையாக வரைய வேண்டும்.

வட்டத்தின் மையமே அளவு என்பது வழக்கம். 100 சதவீதத்துக்கு 10 செ.மீ. ஒதுக்கினால் 3 மி.மீ. வட்டம் 3 சதவீத அகலத்தை மூடிவிடும். ஒரு சதவீத வேறுபாட்டைப் பட்டையின் வெட்டுமுனை இதைவிடத் தெளிவாகக் காட்டும். அதனால் வட்டத்தின் அருகே எண்ணையும் எழுதுவதுண்டு.

2010களில் காட்சிப்படுத்தல் மென்பொருள்கள் வழியே இவ்வடிவம் பரவியது.

வகைகள் குறைந்து அளவுகள் பெரிதும் வேறுபடும் இடத்தில் லாலிபாப் தோற்கும். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரிப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 9.5 லட்சம், மாஹேயினது சுமார் 42 ஆயிரம். 10 லட்சத்துக்கு 10 செ.மீ. என்றால் மாஹேயின் கோடு 4 மி.மீ. மட்டுமே, அதில் ஒன்றரை மி.மீ.யை வட்டமே விழுங்கிவிடும். நான்கு பகுதிகளை ஒப்பிடப் பட்டையே ஏற்றது.