ஃபுல்ஃபில்மென்ட்

'நிரப்புதல்' என்னும் பொருள்கொண்ட பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இணையச் சந்தையில் இதற்குப் பொருள், ஓடரைப் பொதி செய்து அனுப்பி, திரும்பி வந்தால் பொறுப்பேற்பது வரையான வேலை. அதை யார் செய்கிறார் என்பதில்தான் சிக்கலே.

மாத்தளை ஹபுவிட அரக்குப் பெட்டியொன்றை அமேசான் வழியே அமெரிக்காவுக்கு விற்பதாகக் கொள்வோம். பக்கத்தில் "Sold by" என்பது விற்பவர் பெயர். "Ships from" என்பதே அனுப்புபவர். அங்கே Amazon என்றிருந்தால் சரக்கு முன்கூட்டியே அவர்கள் களஞ்சியத்தில் இருக்கிறது. வாங்கியவருக்குப் பதில் சொல்வதும், திருப்பி எடுப்பதும், பணம் மீளளிப்பதும் அவர்கள் வேலை. ஆனால் அந்தப் பணம் விற்பவரின் கணக்கிலிருந்தே கழியும்; களஞ்சியத்தில் தொலைந்தாலோ உடைந்தாலோ விற்பவருக்கு ஈடு உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை.

"Ships from" விற்பவர் பெயரானால் எல்லாம் அவர் தலையில். வெளிநாட்டு விற்பனையாளர் அமெரிக்காவுக்குள் ஒரு திருப்பு முகவரி தரவேண்டும், அல்லது முன்கட்டணத் தபால் சீட்டு, அல்லது பொருளைக் கேட்காமலே முழுப்பணம். மாத்தளைக்குத் திரும்பும் தபால்செலவு சிறு பெட்டியின் விலையையே தாண்டக்கூடும். மூன்றாவதே பெரும்பாலும் மலிவு. வாங்கியவரின் முறைப்பாட்டுக்கு 48 மணிநேரத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் அவர் 'ஏ-டு-இசட்' உத்தரவாதக் கோரிக்கை வைக்கலாம். தீர்ப்பு அமேசானுடையது, தோற்றால் இழப்பு விற்பவருடையது. ஆகவே அனுப்பும்போதே தடமறியும் எண்ணைப் பதிந்து வையுங்கள்.