எதிர்பார்க்கும் சம்பளம் (நேர்காணல் கேள்வி)

எதிர்பார்க்கும் சம்பளம் என்பது, வேலை தருவதாக நிறுவனம் இன்னும் வாய் திறக்காத நிலையில் விண்ணப்பதாரரிடம் கேட்கப்படும் தொகை. சென்னை, பெங்களூரு தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பெரும்பாலும் ஹெச்.ஆர். பிரிவின் முதல் தொலைபேசி அழைப்பிலேயே இது வந்துவிடும். தனியாக வருவதும் இல்லை. தற்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி., நோட்டீஸ் பீரியட் என்று மூன்றும் ஒரே மூச்சில் கேட்கப்படும்.

இதில் யார் முதலில் எண்ணைச் சொல்வது என்பது முக்கியம். முதலில் காதில் விழுந்த எண் பிறகு வரும் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுக்கும் என்பதை உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இல் எழுதிய கட்டுரையில் காட்டினர். அவர்களது சோதனைச் சக்கரம் 10 அல்லது 65-இல் மட்டும் நிற்கும்படி செய்யப்பட்டிருந்தது. அதைச் சுழற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். 10 வந்தவர்களின் இடைநிலை விடை 25, 65 வந்தவர்களின் விடை 45. கேள்விக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆடம் கலின்ஸ்கி, தாமஸ் முஸ்வைலர் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பேரத்துக்கு நீட்டியது. பொதுவாக முதலில் தொகை சொன்னவருக்குச் சாதகமாக முடிவு அமைந்தது.

அப்படியானால் விண்ணப்பதாரர் முந்திக்கொண்டு சொல்வது நல்லதுதானே என்று தோன்றும். இந்திய நடைமுறையில் அது பொருந்தாது. இங்கே முதலில் மேசைக்கு வரும் எண் பழைய சம்பளம். அதன் மேல் இருபது, முப்பது விழுக்காடு ‘ஹைக்’ என்றுதான் பேச்சு நகர்கிறது. பழைய இடத்தில் குறைவாக வாங்கியவர் புதிய இடத்திலும் அந்தக் குறையைச் சுமந்து செல்கிறார், அது நியாயமற்றது.

இன்னொரு சிக்கல், சி.டி.சி. என்பது கைக்கு வரும் பணம் அல்ல. ஒருவரின் சி.டி.சி. ஆண்டுக்கு 8 லட்சம் என்று கொள்வோம். அதில் பேசிக் பாதி, 4 லட்சம். நிறுவனத்தின் வருங்கால வைப்பு நிதிப் பங்கு 12 விழுக்காடு, அதாவது 48,000. கிராஜுவிட்டிக்கு 4.81 விழுக்காடு, 19,240. வேரியபிள் 80,000. இவை போக மீதியிலிருந்து அவரது சொந்தப் பி.எஃப். 48,000 பிடிக்கப்படும். மாதம் கைக்கு வருவது சுமார் 50,400 ரூபாய். அவர் 10 லட்சம் கேட்டார், கிடைத்தும் விட்டது. ஆனால் புதிய இடத்தில் வேரியபிள் 2 லட்சம். அதே கணக்கைப் போட்டால் கைக்கு மாதம் சுமார் 54,700 ரூபாய். தாளில் 25 விழுக்காடு உயர்வு, பையில் எட்டரை. வேரியபிள் முழுதாக வருமா என்பது நிறுவனத்தின் லாபத்தையும் மேலாளரின் மதிப்பீட்டையும் பொறுத்தது.

ஆகவே முதல் பதில் ஒரு கேள்வியாக இருப்பதே சரி: “இந்தப் பணியிடத்துக்கு எவ்வளவு பட்ஜெட் வச்சிருக்கீங்க மேடம்? அதுல ஃபிக்ஸட் எவ்வளவு?” வரம்பு தெரிந்துவிட்டால் பேச்சு பழைய சம்பளத்திலிருந்து விலகி வேலையின் மதிப்புக்கு வந்துவிடும். ஹெச்.ஆர். அதைச் சொல்ல மறுத்து மீண்டும் கேட்டால், தொகையைச் சொல்லிவிடலாம். இழுத்தடித்தால் அழைப்பு அங்கேயே முடிந்துவிடக்கூடும். அப்போது சொல்லும் எண் ஃபிக்ஸட் தொகையாக இருக்க வேண்டும். மேற்கண்டவர் “ஃபிக்ஸட் மட்டும் ஒன்பதரை லட்சம், வேரியபிள் தனி” என்று சொல்லியிருக்கலாம். 9 முதல் 11 லட்சம் என்று வரம்பாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் குறித்துக்கொள்வது 9-ஐத்தான். இணையப் படிவம் எண் இல்லாமல் நகரவிடாதபோதும் அதே தொகையை இட்டு, குறிப்புப் பகுதி இருந்தால் ஃபிக்ஸட் என எழுதிவிடலாம்.

தற்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது ஆபத்து. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு விவரம் என்று பின்னர் கேட்கும் நிறுவனங்கள் பல. முரண்பாடு வெளிப்பட்டால் கையில் இருக்கும் ஆஃபரும் திரும்பப் பெறப்படலாம்.

பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று அமெரிக்க மாநிலங்களில் முதலில் சட்டம் இயற்றியது மாசசூசெட்ஸ் (2016). அது 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜனவரியிலேயே கலிபோர்னியாவின் தடை அமலாகிவிட்டது. அங்கே விண்ணப்பதாரர் கேட்டால் நிறுவனம் சம்பள வரம்பையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆணையும் இதே திசையில் செல்கிறது. இந்தியாவில் இப்படியொரு தடை இல்லை.